இரண்டரை ஸ்கொயர் வயர், இரண்டு விலை: லேபிளில் எதைப் படிப்பது?

கேள்வி: "வீடு கட்டுகிறோம். எலக்ட்ரீஷியன் 1.5, 2.5, 4 ஸ்கொயர் எம்எம் என்று லிஸ்ட் எழுதிக் கொடுத்தார். பேசும்போது மட்டும் 3/20, 7/20 என்கிறார். கடைக்குப் போனால் எஃப்ஆரா, எஃப்ஆர்எல்எஸ்ஸா என்று கேட்கிறார்கள். ஒரே 2.5 காயில், இரண்டு பிராண்டுக்கு நடுவே ஆயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். லேபிளில் எதைப் பார்த்து வாங்குவது?"

நீங்கள் கேட்டது லேபிளைப் பற்றி. ஆனால் உங்களை உறுத்துவது அந்த ஆயிரம் ரூபாய் எங்கே போகிறது என்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு விடை கிடைத்தால் மற்றது தானாகப் புரியும். நான் டிப்ளமோ முடித்துவிட்டு சில வருடம் ஒரு கேபிள் கம்பெனியின் டெஸ்டிங் அறையில் இருந்தேன். அதன் பிறகு இன்று வரை வீட்டு வயரிங்தான் வேலை. வயரை இரண்டு பக்கமிருந்தும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் வீட்டு லோடு எனக்குத் தெரியாது. அதனால் எந்த அறைக்கு எந்த சைஸ் என்பதை உங்கள் எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிடுகிறேன்.

ஸ்கொயர் எம்எம் என்பது செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு. வயரை நறுக்கி நுனியைப் பார்த்தால் செம்பு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்ற கணக்கு. மேலே இருக்கும் பிளாஸ்டிக் இதில் சேராது. கையில் பிடித்துப் பார்த்துத் "தடிமனாக இருக்கிறதே" என்று திருப்திப்படுவதில் அர்த்தமில்லை என்பது இதனால்தான். உறையைத் தடிமனாக்கி உள்ளே செம்பைக் குறைத்தாலும் கைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். லேபிளில் "2.5 எம்எம்" என்று மட்டும் போட்டு "ஸ்கொயர்" இல்லாமல் இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். 2.5 மில்லிமீட்டர் என்பது ஒரு விட்டம், எதன் விட்டம் என்றும் சொல்லவில்லை. வெளி விட்டத்தைச் சொல்கிறாரோ என்னவோ, அப்படியானால் உள்ளே ஒரு ஸ்கொயர் செம்புகூட இருக்காது.

உங்கள் எலக்ட்ரீஷியன் சொல்லும் 3/20, 7/20 எல்லாம் பழைய கேஜ் கணக்கு. 7/20 என்றால் 20 கேஜ் கம்பி ஏழு இழை. 20 கேஜ் கம்பியின் விட்டம் 0.914 மில்லிமீட்டர். ஏழு இழைக்குக் கணக்குப் போட்டால் 4.6 ஸ்கொயர் வரும். 4 ஸ்கொயரை இன்றும் 7/20 என்று அழைப்பது இந்த வழியில் வந்த பழக்கம். 3/20 போட்டுப் பார்த்தால் 1.97 வருகிறது. அதாவது ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் நட்டநடுவில். இதைச் சொல்லிக் கேட்டால் ஒரு கடையில் 1.5 எடுத்துக் கொடுப்பார்கள், இன்னொரு கடையில் 2.5. எனவே கடையில் கேஜ் பேச்சே வேண்டாம், லிஸ்டில் எழுதியிருக்கும் ஸ்கொயர் எண்ணை மட்டும் சொல்லுங்கள். இலங்கையிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் ஊர் 7/0.67-இல் சாய்கோட்டுக்குப் பின் வருவது கேஜ் இல்லை, நேராக மில்லிமீட்டர் விட்டம். ஏழு இழை 0.67 என்றால் ஏறக்குறைய 2.5 ஸ்கொயர்.

இப்போது விலைக்கு வருவோம். நம் நாட்டில் வீட்டு வயருக்கான தர விதி ஐஎஸ் 694. அதற்குள் போகும் செம்புக்கு ஐஎஸ் 8130. இந்த இரண்டாவது விதியில் கடையில் யாரும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. 2.5 ஸ்கொயர் என்பது அதில் ஒரு பெயரளவு எண் மட்டுமே. உண்மையில் பரிசோதிப்பது மின்தடையை. இப்போது வீடுகளுக்கு வரும் பல மெல்லிய இழைகள் கொண்ட வளையும் வயர், 2.5 ஸ்கொயருக்கு, 20 டிகிரியில் ஒரு கிலோமீட்டருக்கு 7.98 ஓம் தாண்டக்கூடாது. முக்கிய நிபந்தனை இதுதான். 1.5-க்கு இந்த வரம்பு 13.3 ஓம், 4-க்கு 4.95.

இது விலையை எப்படி மாற்றுகிறது என்று பாருங்கள். ஒரு கம்பெனி 0.30 மில்லிமீட்டர் இழையை 36 எண்ணிக்கையில் போடுகிறது. லேபிளில் 36/0.30 என்று இருக்கும். பரப்பு 2.54 வருகிறது, மின்தடை 7 ஓமை ஒட்டி நிற்கும். இன்னொரு கம்பெனி அதே 36 இழையை 0.28-ஆக இழுக்கிறது. பரப்பு 2.2-தான். மின்தடை 7.9 பக்கம் போகும், ஆனால் வரம்பைத் தாண்டாது. இரண்டுமே பாஸ். இரண்டிலும் 2.5 ஸ்கொயர் என்று அச்சடிக்கலாம், இரண்டுக்கும் ஐஎஸ்ஐ முத்திரை கிடைக்கும். 90 மீட்டர் காயிலில் முதல் வயரின் செம்பு மட்டும் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், இரண்டாவதில் ஒன்றே முக்கால் கிலோ சொச்சம். கால் கிலோ செம்பு குறைந்தால் விலையும் குறையத்தானே செய்யும். குறைந்த விலைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல முடியாது. விதி விட்ட இடைவெளிக்குள் ஓட்டுகிறார், அவ்வளவே. மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவர் அதே 0.28-இல் இரண்டு இழையைக் குறைத்து 34 போடுவார். அப்போது பரப்பு 2.1-க்குக் கீழே வந்துவிடும், மின்தடை 8.2-ஐத் தாண்டும். இது ஃபெயில். ஆனால் லேபிளில் இவரும் 2.5 என்றுதான் போட்டிருப்பார்.

இந்த மூன்றாமவரைப் பிடிக்க லேபிளே ஓரளவு உதவும். ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கி ஒரு எண் இருக்கும். அது அந்தத் தொழிற்சாலைக்குக் கொடுத்த உரிம எண். முத்திரைக்கு மேலே ஐஎஸ் 694 என்று இருக்க வேண்டும். போனில் BIS Care ஆப்பை இறக்கி, உரிமம் சரிபார்க்கும் இடத்தில் அந்த எண்ணைத் தட்டினால் கம்பெனி பெயர், முகவரி, எந்தப் பொருளுக்கு உரிமம், அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று வரும். கடையிலேயே ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை. பெயர் பொருந்தவில்லை என்றாலோ, எண் வேறு பொருளுடையது என்றாலோ அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, "ஐஎஸ் 694-இன்படி தயாரிக்கப்பட்டது" என்று வெறும் எழுத்தில் மட்டும் இருந்து முத்திரையும் எண்ணும் இல்லாவிட்டால் அது அவர் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட சர்டிபிகேட். இந்த வகை வயருக்கு 2003-ஆம் ஆண்டின் தரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி ஐஎஸ்ஐ கட்டாயம். முத்திரை இல்லாமல் விற்பதே தவறு.

பெட்டியில் பார்த்ததை வயரின் மேலும் பாருங்கள். பெட்டியை மாற்றுவது சுலபம், வயரின் மேல் அச்சை மாற்றுவது கஷ்டம். உறை மேலேயே கம்பெனி பெயர், சைஸ், எஃப்ஆர் போன்ற எழுத்துகள், வோல்ட், ஐஎஸ் எண் எல்லாம் திரும்பத் திரும்ப வரும். ஈரத் துணியால் நாலு முறை அழுத்தித் தேய்த்தால் அச்சு கலையக் கூடாது. வோல்ட் இடத்தில் சிலதில் 1100 என்றும் சிலதில் 450/750 என்றும் இருக்கும். ஐஎஸ் 694-இன் பழைய பதிப்பு 1100 என்றது, 2010 பதிப்பு 450/750 என்கிறது. வீட்டுக்கு இதை வைத்துத் தேர்வு செய்ய எதுவும் இல்லை. பல கம்பெனிகள் மீட்டர் எண்ணையும் வரிசையாக அச்சிடுகின்றன. இரண்டு நுனியிலும் உள்ள எண்ணைக் கழித்தால் நீளம் வந்துவிடும். இதைச் செய்ய மறக்காதீர்கள். ஒரு பிராண்ட் 90 மீட்டர் காயில், இன்னொன்று 100 என்று இருக்கும்போது காயில் விலையை ஒப்பிட்டுப் பயனில்லை. விலையை நீளத்தால் வகுத்து மீட்டருக்கு எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் ஆயிரம் ரூபாயில் ஒரு பங்கு இங்கேகூட ஒளிந்திருக்கலாம்.

கடையில் நுனியை உரித்துப் பார்க்க விடுவார்கள். இழைகளை விரித்து எண்ணுங்கள். 2.5-க்கு 0.30 இழை என்றால் 36, 0.25 இழை என்றால் 50 அல்லது அதை ஒட்டி. எண்ணிக்கை லேபிளோடு பொருந்த வேண்டும். இழையின் விட்டத்தை அளக்க ஸ்க்ரூ கேஜ் வேண்டும், அது உங்களிடம் இருக்காது. அதற்குப் பதில் காயிலை எடை போடச் சொல்லலாம். 90 மீட்டர் 2.5 ஸ்கொயர், அட்டைப் பெட்டி இல்லாமல், நல்லதாக இருந்தால் 2.9 கிலோவை ஒட்டி நிற்கும். செம்பு இரண்டு, உறை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இந்த எடைக் கணக்கை முழுதாக நம்பிவிடாதீர்கள். மலிவான உறையில் சுண்ணாம்புப் பொடியை அதிகம் கலப்பார்கள், அது கனமானது. செம்பில் குறைந்ததை உறையில் ஏற்றி எடையைச் சரிக்கட்டி விடலாம். அப்படிப்பட்ட உறையைக் கூர்மையாக மடித்தால் மடிப்பில் வெளுக்கும். எடை ரொம்பக் குறைவு என்றால் சந்தேகம் உறுதி, எடை சரியாக இருக்கிறது என்றால் எதுவும் நிரூபணமாகவில்லை.

எடை மிகமிகக் குறைந்து, ஒன்றரை, ஒன்றே முக்கால் கிலோவில் காயில் வந்தால் அது செம்பே இல்லை. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி. பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். மாறாக வெளியே வெள்ளையாகவும் உள்ளே சிவப்பாகவும் இருந்தால் அது வெள்ளீயம் பூசிய செம்பு, பயப்பட வேண்டாம். செம்பு பூசிய அலுமினியத்தை வீட்டுக்கு வாங்கவே கூடாது. சுவிட்சின் ஸ்க்ரூவுக்கு அடியில் அது நசுங்கி, தளர்ந்து, அந்த இடத்தில் சூடேறும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் காயிலின் இரண்டு நுனியிலும் வைத்து ஓம் பார்க்கிறார்கள். 90 மீட்டர் 2.5-க்கு வரம்பே 0.72 ஓம்தான். நம் ஊர் வெயிலில் 0.75. சாதாரண மீட்டரின் இரண்டு ஒயர்களுக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும். அதை முதலில் அளந்து கழித்தாலும் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். 1 ஓமுக்கு மேல் காட்டினால் ஏதோ கோளாறு என்று தைரியமாகச் சொல்லலாம். 0.70-ஆ 0.78-ஆ என்று இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. டெஸ்டிங் அறையில் இதற்கென்று பிரிட்ஜ் என்ற தனிக் கருவி உண்டு, நாலு கிளிப்பு மாட்டி அளப்போம்.

செம்பு குறைந்தால் வீட்டில் என்ன ஆகும் என்று ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். பாத்ரூமில் 3 கிலோவாட் ஹீட்டர், எம்சிபிகள் இருக்கும் டிபி பெட்டியிலிருந்து 20 மீட்டர் தூரம். 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். போக 20, வர 20, ஆக 40 மீட்டர் வயர். வரம்பு மின்தடையிலேயே வைத்தாலும் 2.5 ஸ்கொயரில் நாலு வோல்ட் சொச்சம் இறங்கும், 54 வாட் சுவருக்குள் சூடாகப் போகும். அதையே 1.5-இல் இழுத்தால் ஏழு வோல்ட், 90 வாட். பைப்புக்குள் அடைபட்ட வயருக்கு 90 வாட் ஆகாது. 4 ஸ்கொயரில் 33 வாட்தான். ஹீட்டருக்கும் ஏசிக்கும் 4 போடச் சொல்லும் எலக்ட்ரீஷியன் கமிஷனுக்காகச் சொல்கிறார் என்று உடனே நினைக்க வேண்டியதில்லை. அதே பைப்பில் இன்னும் நாலு வயர் ஓடினால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பெட்டியில் ஆம்பியர் அட்டவணை ஒன்று இருக்கும். 2.5-க்கு 20-ஐ ஒட்டி ஒரு எண்ணும், அதற்குப் பக்கத்தில் பெரிதாக இன்னொரு எண்ணும் போட்டிருப்பார்கள். பெரிய எண் பெரும்பாலும் காற்றோட்டமாகச் சுவர் மேல் தனியாகப் போன வயருக்கானது. உங்கள் வீட்டில் சுவருக்குள் பைப்பில், கூட்டமாகப் போகும். சிறிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும், அதிலும் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். எந்தக் கம்பெனியின் அட்டவணையும் உங்கள் பைப்புக்குள் எத்தனை வயர் என்று பார்த்துப் போட்டதில்லை. லோடு கூடினால் லைனைத் துண்டிக்கும் எம்சிபியின் ஆம்பியர் இந்த எண்ணுக்குக் கீழே இருக்கட்டும். 2.5-க்கு 16 ஆம்பியர் எம்சிபி போட்டால் நிம்மதி. லோடு தாங்காமல் டிரிப் ஆகிறது என்று 25, 32 மாற்றிவிட்டால் வயருக்குக் காவல் இல்லை.

இனி எழுத்துகள். எஃப்ஆர் என்றால் தீ பரவாத உறை. எரியாத உறை என்று கடையில் சொல்வார்கள், அது தப்பு. சுடரை வைத்தால் எரியும், எடுத்தால் தானாக அணைந்து, வயர் நெடுகப் பரவாமல் நிற்கும். எஃப்ஆர்எல்எஸ் அதற்கு மேல் ஒரு படி. எரியும்போது புகையும் அமில வாயுவும் குறைவு. அமில வாயு எடையில் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று அதற்கு வரம்பு உண்டு. பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், கண்ணைத் திறக்க முடியாது, மூச்சடைக்கும். எச்எஃப்எஃப்ஆர் என்பது பிவிசியே இல்லாத வேறு உறை. அமில வாயு கிட்டத்தட்டக் கிடையாது. அதற்கு விதி எண்ணே வேறு, ஐஎஸ் 17048. பெட்டியில் எச்எஃப்எஃப்ஆர் என்று பெரிதாகப் போட்டுவிட்டு முத்திரையில் 694 என்று இருந்தால் கடைக்காரரிடம் விளக்கம் கேளுங்கள்.

எச்ஆர் என்று முன்னால் வந்தால் உறை 85 டிகிரி வரை தாங்கும், சாதாரணம் 70. இதைச் சொல்லி "அதிக ஆம்பியர் போகும், சைஸைக் குறைக்கலாம்" என்று விற்பார்கள். உறை தாங்கும் என்பது உண்மை. ஆனால் வயர் போய் முடியும் சுவிட்சும் பிளக்கும் அந்தச் சூட்டுக்குச் செய்தவை அல்ல, வோல்ட் இறக்கமும் உறையைப் பார்த்துக் குறையாது. எச்ஆரைக் கூடுதல் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளுங்கள், சைஸைக் குறைக்க ஒரு சாக்காக வேண்டாம். சமையலறை, மொட்டைமாடிக்குக் கீழுள்ள காங்கிரீட்டில் போகும் லைன் போன்ற இடங்களுக்கு அது அர்த்தமுள்ள செலவு.

எஃப்ஆரா எஃப்ஆர்எல்எஸ்ஸா என்றால் என் எண்ணம் இது. தனி வீடு, வயர் எல்லாம் சுவருக்குள் பைப்பில் என்றால் எஃப்ஆர் போதும். மிச்சப் பணத்தை ஹீட்டர், ஏசி லைனை ஒரு சைஸ் ஏற்றுவதில் போடுங்கள். ஃபால்ஸ் சீலிங் நிறைய இருந்தாலோ, பலர் ஒரே படிக்கட்டில் இறங்கும் அடுக்குமாடி என்றாலோ எஃப்ஆர்எல்எஸ். எச்எஃப்எஃப்ஆர் வாங்கிச் சாதாரண பிவிசி பைப்புக்குள் இழுப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். பைப்பே எரிந்தால் அதே அமிலப் புகைதான். பைப்பையும் மாற்றுவதாக இருந்தால் மட்டும் அந்தச் செலவைச் செய்யலாம். இதில் எல்லா எலக்ட்ரீஷியனும் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள்.

இந்த எழுத்துகளைக் கடையில் நிரூபிக்க வழி கிடையாது. தீக்குச்சி வைத்துக் காட்டும் வித்தையை நம்பாதீர்கள். சாதாரண பிவிசியும் சில சமயம் தானாக அணையும். எஃப்ஆரையும் எஃப்ஆர்எல்எஸ்ஸையும் அந்தச் சுடரில் பிரிக்கவே முடியாது, புகையை அளக்கப் பெட்டியும் கருவியும் வேண்டும். உறையில் பழைய பிளாஸ்டிக் கலந்திருக்கிறதா, பத்து வருடத்தில் இறுகி வெடிக்குமா என்பதும் கண்ணுக்குத் தெரியாது. இங்கே முத்திரையையும் உரிம எண்ணையும் நம்புவதைத் தவிர வழியில்லை. "99.97 சதவீதம் சுத்தச் செம்பு" என்ற வரியும் அப்படித்தான், உங்களால் சோதிக்க முடியாது. மின்தடை வரம்புக்குள் இருந்தால் சுத்தமும் ஏறக்குறைய சரியாகத்தான் இருக்கும் என்பதால் நான் அந்த வரியைப் படிப்பதே இல்லை. "மின்சாரம் மிச்சம்" என்று போட்டிருந்தாலும் அப்படியே. மேலே போட்ட ஹீட்டர் கணக்கில் சைஸ் ஏறியதால் மிச்சமாகும் வாட் உண்டே தவிர, உறையால் மிச்சமாவது எதுவும் இல்லை.

உங்கள் இரண்டு 2.5 காயிலுக்கும் இதையே வரிசையாகச் செய்யுங்கள். முதலில் உரிம எண், அடுத்து நீளம், அப்புறம் எஃப்ஆரோடு எஃப்ஆரைத்தான் ஒப்பிடுகிறோமா என்று ஒரு பார்வை, கடைசியில் இழை எண்ணிக்கையும் எடையும். நாலும் சமமாக வந்து விலை மட்டும் ஆயிரம் கூடியிருந்தால் அது பெரும்பாலும் விளம்பரத்துக்கும் டீலர் மார்ஜினுக்கும் போகிற பணம், மலிவானதையே எடுங்கள். எடையில் 200 கிராம் தள்ளி நின்றால் லைட், ஃபேனுக்கு எது வேண்டுமானாலும் எடுக்கலாம், ஹீட்டர் லைனுக்குக் கனமானது. பில்லில் பிராண்ட், சைஸ், எஃப்ஆரா எஃப்ஆர்எல்எஸ்ஸா, எத்தனை மீட்டர் என்பதை எழுதி வாங்குங்கள். "வயர் 1 காயில்" என்று மட்டும் எழுதிய பில்லோடு போனால் கடைக்காரர் மாற்றித் தர மாட்டார்.